துணைநூற்பட்டியலில் எங்கே கோளாறு? வரலாற்றுச் செயல்திட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பற்றிப் பத்துப் பக்கத்தில் செயல்திட்டம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரம் காட்டுவதில் வரக்கூடிய கோளாறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு தலைப்பிலேயே வந்துவிடும். பாடநூல், ஆய்வு நூல், வ.உ.சி.யே எழுதிய சுயசரிதை, ஆங்கிலேய அரசின் அறிக்கை, விக்கிப்பீடியா, கூகுளில் எடுத்த படம், நேரில் பார்த்த நினைவுச்சின்னம் என்று இதற்கு எல்லா வகை ஆதாரமும் உண்டு. அதனால் கீழே இந்தத் தலைப்பையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் தலைப்பு வேறாக இருந்தால் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள். பள்ளி குறிப்பிட்ட வடிவம் எதையும் தரவில்லை என்றால் இது போதும்:

```
ஆசிரியர் பெயர், தலைப்பெழுத்து (ஆண்டு). நூலின் தலைப்பு. ஊர்: பதிப்பகம்.
```

இதன்படி ஒரு பதிவு இப்படி அமையும்:

```
வேங்கடாசலபதி, ஆ. இரா. (2022). திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908. நாகர்கோவில்: காலச்சுவடு பதிப்பகம்.
```

இந்த விவரங்களை முன்னட்டையிலிருந்து எடுக்க வேண்டாம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் சிறிய எழுத்தில் பதிப்பு விவரங்கள் இருக்கும். ஆண்டு, பதிப்பு, பதிப்பகத்தின் ஊர் மூன்றும் அங்கேதான் சரியாக இருக்கும். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதும் நாளில் புத்தகம் கையில் இருக்காது.

அறிகுறி: பட்டியல் இருக்கிறது, ஆனால் "இந்த வரி எங்கிருந்து வந்தது?" என்றால் பதில் இல்லை

இதுதான் அதிகம் காணப்படும் கோளாறு. கடைசிப் பக்கத்தில் எட்டு நூல்கள் வரிசையாக இருக்கும், கட்டுரைக்குள் ஒரு குறிப்பும் இருக்காது. அப்படியானால் அந்த எட்டையும் மாணவர் படித்தார் என்பதற்கே சான்றில்லை. எந்தத் தகவல் எந்த நூலில் உள்ளது என்பதும் தெரியாது.

கட்டுரையில் உள்ள ஒரு வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள்: "சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய், தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்." இதில் ஒரு தேதியும் மூன்று எண்களும் இருக்கின்றன. இவற்றை மாணவர் சொந்தமாகக் கண்டுபிடித்திருக்க முடியாது, எங்கோ படித்திருக்க வேண்டும். எனவே வாக்கியம் முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுத வேண்டும்:

```
(வேங்கடாசலபதி 2022, ப. __)
```

கோடிட்ட இடத்தில் உங்கள் கையிலுள்ள பிரதியின் பக்க எண் வரும். ஒரே பக்கம் என்றால் "ப.", தொடர்ந்து பல பக்கங்கள் என்றால் "பக்." என்று எழுதுவது வழக்கம்.

எந்த வாக்கியத்துக்கெல்லாம் குறிப்புத் தேவை என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. தேதி, எண், ஒருவர் சொன்ன சொற்கள், ஒருவரின் கருத்து, சர்ச்சைக்குரிய செய்தி ஆகிய ஐந்துக்கும் கட்டாயம் தேவை. "வ.உ.சி. விடுதலைப் போராட்ட வீரர்" என்பதற்குத் தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது. "கம்பெனி தோற்றதற்குப் போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்ததே முக்கியக் காரணம்" என்பதற்குத் தேவை. அது ஒரு விளக்கம், வேறொருவர் வேறு காரணத்தை முன்னே வைக்கலாம். ஒரு பத்தி முழுவதும் ஒரே நூலிலிருந்து வந்தது என்றால் பத்தியின் முடிவில் ஒரு குறிப்பு போதும். நடுவில் வேறு நூலிலிருந்து ஒரு வரி வந்துவிட்டால் அந்த வரிக்குத் தனிக் குறிப்பு போடுங்கள்.

சரிபார்க்கும் வழி எளிது. கட்டுரையில் உள்ள அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பட்டியலில் அதற்குரிய பதிவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். முடிவில் புள்ளியே விழாத நூல் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். அடைப்புக்குறியில் உள்ள பெயர் பட்டியலில் இல்லையென்றால் அதைச் சேருங்கள்.

அறிகுறி: ஒரே ஆசிரியர் பட்டியலில் மூன்று இடத்தில் வருகிறார்

வ.உ.சி.யின் பெயரையே பாருங்கள். ஒரு நூலில் "வ.உ.சி.", இன்னொன்றில் "வ. உ. சிதம்பரம் பிள்ளை", மற்றொன்றில் "சிதம்பரனார்" என்று அச்சாகியிருக்கும். அட்டையில் உள்ளபடியே எழுதினால் இரண்டு பதிவுகள் "வ" வரிசைக்கும் ஒன்று "சி" வரிசைக்கும் போய்விடும். படிப்பவர் மூன்று பேர் என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு.

தமிழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வருவதுதான் இதற்குக் காரணம். பட்டியலில் பெயரை முன்னே கொண்டுவந்து, காற்புள்ளி இட்டு, தலைப்பெழுத்தைப் பின்னால் வையுங்கள்: "சிதம்பரம் பிள்ளை, வ. உ." எல்லாப் பதிவிலும் ஒரே வடிவம், ஒரே இடைவெளி, ஒரே புள்ளி. கட்டுரைக்குள் நீங்கள் அவரை வ.உ.சி. என்றே அழைக்கலாம். அடைப்புக்குறிக்குள் மட்டும் பட்டியலில் உள்ள பெயர் வர வேண்டும்.

அகரவரிசைப்படுத்தும் வேலையைக் கணினியிடம் விட்டாலும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். தமிழ் அகராதி முறையில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும். அதனால் "சுப்பையா" முதலில், "சுபாஷ்" அடுத்து. சில மென்பொருள்கள் யூனிகோடு எண்ணின் வரிசையை அப்படியே பின்பற்றி இதைத் தலைகீழாக அடுக்கிவிடும். எட்டுப் பத்துப் பதிவுதானே, கையாலேயே நகர்த்திவிடலாம்.

ஆங்கில நூல்களை எங்கே வைப்பது? தமிழ்ப் பதிவுகள் முடிந்ததும் தனியாக, ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் ஒலிபெயர்த்து எழுதினால் அந்த நூலை யாராலும் தேடி எடுக்க முடியாது. உதாரணமாக, ரௌலட் குழு என்று நாம் அறிந்த குழுவின் 1918-ஆம் ஆண்டு அறிக்கையில் சென்னை மாகாணம் பற்றிய பகுதியும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பதிவு இப்படி:

```
Sedition Committee (1918). Report. Calcutta: Superintendent Government Printing, India.
```

அறிகுறி: ஆசிரியர் பெயரே இல்லை

மேலே உள்ள அறிக்கையிலேயே விடை இருக்கிறது. தனி ஆசிரியர் இல்லாதபோது, அந்த நூலுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பு ஆசிரியர் இடத்தில் வரும். பாடநூலின் பின்பக்கம் பாடநூல் உருவாக்கக் குழுவின் பெயர்கள் நீளமாக இருக்கும். அவற்றை எல்லாம் எழுத வேண்டியதில்லை.

```
தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் (2019). பத்தாம் வகுப்பு சமூக அறிவியல். சென்னை.
```

இங்கே ஆண்டில்தான் கவனம் வேண்டும். 2019 என்பது இந்தப் பாடநூலின் முதல் பதிப்பு. உங்களிடம் இருப்பது திருத்திய பதிப்பாக இருந்தால் அந்த ஆண்டைப் போடுங்கள். அட்டையில் தொகுதி எண் இருந்தால் தலைப்பை அடுத்து அதையும் சேருங்கள்.

அறிகுறி: நீங்கள் சொன்ன பக்கத்தில் அந்தச் செய்தி இல்லை

உங்கள் பள்ளி ஆசிரியர் நூலை எடுத்துப் பார்க்கிறார், 47-ஆம் பக்கத்தில் வேறு ஏதோ இருக்கிறது. பொய் சொன்னதாக ஆகிவிடும் அளவுக்கு இது மோசமான கோளாறு. பெரும்பாலும் இதற்குக் காரணம் இரண்டே.

ஒன்று, பி.டி.எஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ வேறு தளத்திலோ பழைய நூலை ஸ்கேன் வடிவில் படிக்கும்போது, திரையில் தெரியும் எண் கோப்பின் பக்க எண். அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்புரை, முன்னுரை எல்லாவற்றையும் அது சேர்த்தே எண்ணும். முன்பகுதி 16 பக்கம் என்றால் திரையில் 47 என்று காட்டுவது நூலில் அச்சான 31-ஆம் பக்கம். எப்போதும் தாளின் மேலோ கீழோ அச்சாகியிருக்கும் எண்ணையே எழுதுங்கள். இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரே படமாக ஸ்கேன் செய்த நூல்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும், அங்கே கழித்துக் கணக்குப் போடுவது பயன்படாது.

மற்றொன்று, பதிப்பு. மறுபதிப்பில் எழுத்துருவும் தாள் அளவும் மாறும், பக்கமும் மாறும். ஆகவே ஆண்டு எந்தப் பதிப்பிலிருந்தோ அந்தப் பதிப்பிலிருந்துதான் பக்க எண்ணும் வர வேண்டும். இணையத்தில் பார்த்த முதல் பதிப்பின் ஆண்டையும் கையிலுள்ள மறுபதிப்பின் பக்கத்தையும் சேர்த்து எழுதினால் இரண்டுமே பயனற்றுப் போகும்.

பழைய நூல்களில் இதனால் இன்னொரு விசித்திரமும் நேரும். வ.உ.சி. 1936-இல் காலமானார். அவருடைய சுயசரிதை 1946-இல் அச்சானது. உங்கள் கையில் இருப்பதோ அண்மை மறுபதிப்பு. அந்த ஆண்டை மட்டும் எழுதினால் அவர் இந்த நூற்றாண்டில் உட்கார்ந்து எழுதியது போல் தோன்றும். எனவே மறுபதிப்பின் ஆண்டை உரிய இடத்தில் எழுதிவிட்டு, தலைப்பை அடுத்து "முதல் பதிப்பு 1946" என்று சேருங்கள். வரலாற்றுச் செயல்திட்டத்தில் அந்த ஆண்டுதான் முக்கியம். 1908-இல் நடந்ததை நேரில் அனுபவித்தவரே எழுதியது, ஆனால் அவர் இறந்தபின் வெளிவந்தது என்பது ஆதாரத்தை எடைபோட உதவும்.

அறிகுறி: பார்க்காத நூல் பட்டியலில் இருக்கிறது

பாடநூலிலோ ஆய்வு நூலிலோ வ.உ.சி.யின் சுயசரிதையிலிருந்து நான்கு அடிகள் மேற்கோளாக வந்திருக்கும். மாணவர் அதை எடுத்தெழுதிவிட்டு, பட்டியலில் சுயசரிதையைச் சேர்த்துவிடுவார். அதை அவர் திறந்தே பார்க்கவில்லை. இடையில் இருந்தவர் ஒரு சொல்லை விட்டிருந்தாலோ ஆண்டைத் தவறாகத் தந்திருந்தாலோ, பிழை இப்போது மாணவருடையதாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு நேர்மையாக ஒரு சொல் சேர்ப்பதுதான்:

```
(சிதம்பரம் பிள்ளை, சுயசரிதை; எடுத்தாண்டது: வேங்கடாசலபதி 2022, ப. __)
```

பட்டியலில் நீங்கள் உண்மையில் படித்த நூல் மட்டும் இருக்கட்டும். சுயசரிதையையே தேடி எடுத்து அந்த அடிகளைப் பார்த்துவிட்டால், "எடுத்தாண்டது" என்பதை நீக்கிவிட்டு நேரடிக் குறிப்பு தரலாம். முடிந்தால் இதைச் செய்யுங்கள். சுயசரிதை செய்யுள் வடிவில் இருப்பதால், மேற்கோளாக வந்த அடிகளுக்கு முன்னும் பின்னும் என்ன சொல்கிறார் என்று பார்த்தால்தான் பொருள் முழுமையாகும்.

அறிகுறி: இணைய முகவரி அரைப்பக்கத்தை அடைக்கிறது, அல்லது வேலை செய்யவில்லை

தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் தமிழ் எழுத்துகள் குறியீடுகளாக மாறிவிடும். "வ. உ." என்ற இரண்டு எழுத்து மட்டுமே இப்படி ஆகும்:

```
https://ta.wikipedia.org/wiki/%E0%AE%B5._%E0%AE%89.
```

இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே போக முடியாது, ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது மூன்று குறியீடாக மாற்றப்படும் என்பதால் இப்படி நேர்கிறது. அச்சிட்டுத் தரும் செயல்திட்டத்தில் இதை யாரும் தட்டச்சு செய்து பார்க்கப் போவதில்லை. கட்டுரைத் தலைப்பைத் தமிழில் எழுதி, தளத்தின் பெயரையும் பார்த்த நாளையும் தாருங்கள்:

```
விக்கிப்பீடியா. "வ. உ. சிதம்பரம்பிள்ளை". ta.wikipedia.org. பார்த்த நாள்: (நாள், மாதம், ஆண்டு).
```

பார்த்த நாள் ஏன் கட்டாயம்? அந்தப் பக்கத்தை நாளையே யாராவது திருத்தலாம். நீங்கள் படித்த அதே வடிவத்தைச் சுட்ட வேண்டுமானால், பக்கத்தின் மேலே உள்ள "வரலாற்றைக் காட்டவும்" என்பதைத் திறந்து, நீங்கள் படித்த நாளுக்குரிய தேதியைச் சொடுக்குங்கள். முகவரியில் `oldid=` என்று ஓர் எண் வரும். அந்த முகவரி எப்போது திறந்தாலும் அதே வடிவத்தைத்தான் காட்டும்.

விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், பட்டியலிலும் சேர்க்கலாம். ஆனால் கட்டுரையின் முக்கியத் தேதிகளை அதிலேயே நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு நூலுக்குப் போங்கள். "google.com" என்று எழுதுவது மட்டும் எந்த நிலையிலும் செல்லாது. கூகுள் வழிகாட்டியதே தவிர எதையும் எழுதவில்லை.

அறிகுறி: ஐந்து ஆதாரம் இருந்தும் செய்தி தவறு

ஐந்து தளங்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன, அதனால் அது உறுதி என்று தோன்றும். அந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படியுங்கள். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில் விடுபட்ட காற்புள்ளி என்றால் அவை ஒன்றை ஒன்று நகலெடுத்தவை. அது ஒரே ஆதாரம்தான். பட்டியலில் பழையதை, அல்லது நூல் பெயர் தருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களில் பிழை இருந்தால் சில நேரம் பெருக்கல் கணக்கே காட்டிக்கொடுக்கும். கம்பெனியின் 40,000 பங்கை 25 ரூபாயால் பெருக்கினால் சரியாக 10 லட்சம் வரும். ஒரு தளத்தில் மூலதனம் 10 லட்சம் என்றும் பங்குகள் 4,000 என்றும் இருந்தால் அது நகலெடுத்தபோது ஒரு சுழி விடுபட்டதால் வந்த பிழை.

ஆதாரங்கள் உண்மையிலேயே முரண்பட்டால் ஒன்றை ஒளிக்க வேண்டாம். வ.உ.சி. மீதான வழக்கில் 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அளித்த தீர்ப்பைச் சில நூல்கள் "இரட்டை ஆயுள் தண்டனை" என்றும் சில "40 ஆண்டு" என்றும் சொல்லும். ராஜதுரோகப் பேச்சுக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று என்று இரண்டு தண்டனைகள் விதிக்கப்பட்டதே இதன் பின்னணி. மேல்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டன. கட்டுரையில் இரண்டு சொல்லாட்சிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் குறிப்பைத் தாருங்கள். எதை நீங்கள் ஏற்கிறீர்கள், ஏன் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அது செயல்திட்டத்தின் நல்ல பகுதியாகவே அமையும்.

அறிகுறி: படத்துக்கு ஆதாரம் இல்லை, அல்லது படமே வேறு ஆளுடையது

வ.உ.சி. செக்கிழுக்கும் படம் என்று இணையத்தில் கிடைப்பவற்றில் பல, 1961-இல் வெளிவந்த "கப்பலோட்டிய தமிழன்" திரைப்படக் காட்சிகள். அதில் இருப்பவர் சிவாஜி கணேசன். "கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி." என்று கீழே எழுதி ஒட்டினால் கட்டுரை முழுவதன் மீதும் ஐயம் விழும்.

படத்தைச் சேமிக்கும் முன் அது இருக்கும் பக்கத்துக்கே போங்கள். யார் எடுத்தது அல்லது வரைந்தது, எந்த ஆண்டு என்று அங்கே இல்லையென்றால் வேறு படம் தேடுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் இந்த விவரங்களுக்கென்று தனிப் பக்கம் உண்டு. திரைப்படக் காட்சியைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. அதைத் திரைப்படக் காட்சி என்று சொல்லியே பயன்படுத்துங்கள்:

```
படம் 3: "கப்பலோட்டிய தமிழன்" திரைப்படக் காட்சி (இயக்குநர்: பி. ஆர். பந்துலு, 1961).
```

அந்தப் படம் 1961-இல் தமிழர்கள் வ.உ.சி.யை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதற்குச் சான்று. 1908-இல் சிறையில் நடந்ததற்கு அதன் வசனம் சான்றாகாது.

நீங்களே எடுத்த படம் இதைவிட மேல். அவர் இழுத்த செக்கு சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது, ஓட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக உள்ளது. நேரில் போனால் பொருளோடு அங்குள்ள தகவல் பலகையையும் தனியாக, எழுத்துத் தெரியும்படி படம் எடுங்கள். பதிவில் இடத்தின் பெயர், ஊர், "தகவல் பலகை", பார்த்த நாள் நான்கும் வர வேண்டும். பலகையில் உள்ள தேதியை நூலோடு ஒப்பிட்ட பிறகே கட்டுரைக்குள் கொண்டுவாருங்கள்.

அச்சுக்குத் தரும் முன்

இரண்டாம் வரி உள்தள்ளி இருந்தால் பெயர்கள் ஓரத்தில் தனித்துத் தெரியும். வேர்டில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து `Ctrl+T` அழுத்தினால் போதும். கையால் எழுதுபவர்கள் இரண்டாம் வரியை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளித் தொடங்கலாம். பிறகு பட்டியலை உரக்கப் படிக்காமல் நெடுக்காகப் பாருங்கள். முதலில் ஆண்டுகளை மட்டும் மேலிருந்து கீழ் வரை பாருங்கள், அடுத்து காற்புள்ளிகளை மட்டும், அடுத்து ஊர்ப் பெயர்களை மட்டும். ஒரு பதிவில் "சென்னை", இன்னொன்றில் "சென்னை-14", மூன்றாவதில் தொலைபேசி எண்ணோடு முழு முகவரி என்றிருந்தால் இப்படிப் பார்க்கும்போது உடனே கண்ணில் படும். ஊர்ப் பெயரோடு நிறுத்தி மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.